பரவற்படிக்கான கை-வர்க்க நம்பிக்கை இடைவெளி

முழுமைத்தொகுதி இயல்நிலைப் பரவலில் இருந்தால் (n−1)s²/σ² என்னும் அளவு n−1 கட்டின்மைப் படிகள் கொண்ட கை-வர்க்கப் பரவலைப் பின்பற்றும். கூறின் அளவு 20, s² = 4 என்றால் (n−1)s² = 76. இதை 32.85, 8.91 என்ற அட்டவணை மதிப்புகளால் வகுத்தால், σ²-க்கான 95% இடைவெளி ஏறத்தாழ 2.31 முதல் 8.53 வரை அமையும். அந்த இரு அட்டவணை மதிப்புகளையும் தருவது தரவல்ல, இயல்நிலை என்ற கருதுகோள்.

இயல்நிலை இல்லாவிட்டாலும், கூறு பெரிதானால் மைய எல்லைத் தேற்றம் காப்பாற்றும் என்பார்கள். சராசரிக்கு அது பொருந்தும், இங்கே பொருந்தாது. பெரிய கூறுகளில் s²-இன் உண்மையான பரவற்படி, இயல்நிலை சொல்வதைப்போல் 1+κ/2 மடங்கு. இங்கே κ என்பது மிகைத் தட்டையளவை. இந்த மடங்கில் n இல்லாததால் கூறைப் பெருக்கியும் பிழை கரையாது. அடுக்குக்குறிப் பரவலில் κ = 6; திட்டப்பிழை இரட்டிப்பாகி, 95% என்று அறிவித்த இடைவெளி சுமார் 67% முறைதான் σ²-ஐ உள்ளடக்கும். வால் தடித்த தரவுக்கு இம்முறையைக் கைவிடுவதே சரி.