கண்ணாடியைக் கழற்றும் வேலை பிறந்த கதை

"அண்ணே, அப்பாயி படத்துல கண்ணாடிய மட்டும் எடுத்துடுங்க. பதினாறாம் நாளுக்கு மாட்டணும்."

மருங்காபுரியில் இந்த வேலையில் உட்கார்ந்த நாளிலிருந்து இந்த 'மட்டும்' என்ற சொல் எனக்குப் பழக்கம். மீசையில் ஒட்டிய சோற்றுப் பருக்கையைத் தட்டிவிடுவதுபோல் கேட்பார்கள். படத்தில் கண்ணாடிக்குப் பின்னால் முகம் பத்திரமாக இருக்கிறது, மேலே கிடப்பதை எடுத்தால் போதும் என்ற நம்பிக்கை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் படத்தில் எதுவுமே இல்லை. எடுத்த இடத்தில் கண்ணும் புருவமும் மூக்கும் புதிதாக எழ வேண்டும்.

இதைக் கேட்டு வருகிறவர்கள் யார் என்று பார்த்தாலே வேலையின் பூர்வீகம் பாதி புரிந்துவிடும். அமெரிக்கா 2016 நவம்பர் 1 முதல் விசா, பாஸ்போர்ட் படங்களில் மூக்குக் கண்ணாடியே கூடாது என்றுவிட்டது. ஆனால் கணினியில் திருத்திய படத்தையும் அவர்கள் ஏற்பதில்லை. ஆகவே விசாவுக்கு வருகிறவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு இன்னொரு முறை உட்கார்ந்தால் முடிந்தது. இன்னொரு முறை உட்கார முடியாதவர்களுக்குத்தான் இந்த வேலை.

படத்தில் கை வைக்கும் வழக்கம் கணினிக்கு மிகவும் முந்தியது. ம்யூனிக்கைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் 1855 பாரிஸ் கண்காட்சியில் ஒரே முகத்தை இரண்டு படங்களாக வைத்தார். ஒன்று எடுத்தபடியே, மற்றது நெகட்டிவில் திருத்தியது. கூட்டம் வாய் பிளந்தது என்பார்கள். நம் ஊர் ஸ்டூடியோக்களில் 'டச்சிங்' என்ற பெயரில் இருந்ததும் அதே கலைதான். நெகட்டிவைச் சாய்வு மேசையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரவிட்டு, பென்சில் பிடிக்கும்படி பிசின் கலந்த திரவத்தை லேசாகத் தேய்ப்பார்கள். பிறகு ஊசி முனையாகச் சீவிய கெட்டிப் பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்புவார்கள்.

கண்ணாடி அங்கே ஒரு வினோதச் சிக்கலைக் கொடுத்தது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கறுப்பு ஃப்ரேம் அதில் வெறுமையாக, வெளிச்சம் ஊடுருவும் கோடாகத் தெரியும். அதன்மேல் பென்சிலை ஓட்டினால் பிரிண்டில் அந்தக் கோடு வெளுத்துத் தோலோடு கலந்துவிடும். சிரமம்தான், ஆனால் முடியும். கண்ணாடிச் சில்லில் விழுந்த ஜன்னல் பளபளப்பு அப்படியல்ல. அது நெகட்டிவில் கெட்டிக் கறுப்பு. பிளேடால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், ஒரு மயிரிழை அதிகமானால் ஓட்டை. சுரண்டினாலும் அதற்கு அடியில் கண் இருக்காது. பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் விழும் வெளிச்சத்தில் 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் ஜன்னலின் வெளிச்சத்தில் 4 சதவீதம் என்பது, நிழலில் கிடக்கும் ஒரு கரிய கண்ணைவிட அதிகம். அந்தப் பொட்டுக்குக் கீழே இருந்த கண் ஃபிலிமில் பதியாமலே போய்விடுகிறது.

பழைய ஆட்கள் இதற்குப் பென்சிலை நம்பவில்லை, படம் எடுக்கும்போதே தந்திரம் செய்தார்கள். காது கம்பியைச் சற்றுத் தூக்கிவிட்டுச் சில்லைக் கீழ்நோக்கிச் சாய்ப்பார்கள். இல்லாவிட்டால் சில்லே இல்லாத வெற்று ஃப்ரேமை மாட்டிவிட்டு எடுப்பார்கள். முழுக் கண்ணாடியையும் கழற்றுவது அன்றைக்கு டச்சிங்காரர் தட்டிக்கழிக்கிற வேலை.

அது அன்றாடக் கூலி வேலையானது 2002க்குப் பிறகு என்றே சொல்வேன். அந்த ஆண்டு வந்த ஃபோட்டோஷாப் 7இல் ஹீலிங் பிரஷ் என்ற கருவி இருந்தது. க்ளோன் ஸ்டாம்ப் ஓரிடத்துத் தோலை அப்படியே பெயர்த்து இன்னோரிடத்தில் ஒட்டும். ஹீலிங் பிரஷ் தோலின் பொறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒட்டுகிற இடத்தின் அக்கம்பக்கத்திலிருந்து வாங்கிக்கொள்ளும். பருவும் தழும்பும் மாயமாக மறைந்தன. கண்ணாடியில் மட்டும் அது புதியவர்களைக் கவிழ்த்துவிடும். ஃப்ரேமின் கறுப்பு ஓரம் தூரிகைக்குப் பக்கத்தில் இருந்தால், கருவி அந்தக் கறுப்பையும் 'அக்கம்பக்கம்' என்று எடுத்துக்கொண்டு கன்னத்தில் மையைக் கரைத்ததுபோல் இழுத்துவிடும். ஆகவே ஃப்ரேமை முதலில் க்ளோன் ஸ்டாம்பால் விளிம்போடு வெட்டி எறிய வேண்டும். கறுப்பு முழுவதும் போனபிறகுதான் ஹீலிங்.

அப்பாயி படத்துக்கு வருகிறேன். 1980களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், கெட்டி ஃப்ரேம், சோடா புட்டிக் கண்ணாடி. முகாமில் கண்புரை ஆபரேஷன் செய்தவர். அந்தக் காலத்து முகாம்களில் பெரும்பாலும் கண்ணுக்குள் லென்ஸ் வைப்பதில்லை. புரையை எடுத்துவிட்டு அதற்கு ஈடாகப் பத்து, பதினொரு பவர் பிளஸ் கண்ணாடியைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பின்னால் கண் முழி பிதுங்கியதுபோல் தெரியும். பேரனுக்கு அப்பாயியின் முகம் என்றாலே அந்தப் பெரிய கண்கள்தான். அவனுடைய அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "எங்கம்மாவுக்கு அவ்ளோ பெரிய கண்ணு கிடையாது" என்றார்.

அவர் சொன்னது சரி. பிளஸ் லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி. கண்ணிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் லென்ஸ், ஒவ்வொரு பவருக்கும் கண்ணை ஒன்றரை சதவீதத்துக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும். பவர் கூடக் கூட அந்தப் பெருக்கமும் வேகமெடுக்கும். மைனஸ் லென்ஸ் இதற்கு நேர் எதிர். ஐந்து பவர் மைனஸ் போட்டவரின் கண் சுமார் 7 சதவீதம் சிறுத்துத் தெரியும், கன்னப்பொறியின் ஓரம் சில்லுக்குள் உள்வாங்கி ஒரு படிபோல் முறிந்திருக்கும். ஃப்ரேமை மட்டும் துடைத்துவிட்டுக் கண்ணை அப்படியே விட்டால் முகம் யாருடையதாகவோ ஆகிவிடுவது இதனால்தான்.

எவ்வளவு சுருக்குவது என்பதற்குக் கருவிழி ஒரு நல்ல அளவுகோல். வளர்ந்தவர்களுக்குக் கருவிழியின் அகலம் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை, 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பாப்பாக்களுக்கும் இடைப்பட்ட தூரம் பெண்களுக்குச் சராசரியாக 61, 62 மில்லிமீட்டர். அதாவது அந்தத் தூரம் கருவிழியைப்போல் ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஸ்கேன் செய்த படத்தில் அப்பாயியின் இரு பாப்பாக்களுக்கும் இடையே 520 பிக்சல் இருந்தது. கணக்குப்படி கருவிழி 100 பிக்சல் இருக்க வேண்டும். இருந்ததோ 118. கண்ணை 85 சதவீதத்துக்குச் சுருக்கினால் நிஜ அளவு வந்துவிடும். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் லென்ஸின் பவரும் பத்துக்குப் பக்கத்தில் வருகிறது, முகாம் கண்ணாடிக்குப் பொருந்துகிறது. பாப்பாத் தூரம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இதை மட்டும் நம்பிவிட முடியாது. அத்தை ஒரு கல்யாணக் குரூப் போட்டோவைத் தேடிக் கொண்டுவந்தார். அதில் அப்பாயி கண்ணாடி போடாத நடுவயதுக்காரி. முகம் சிறியதுதான், ஆனால் கண்ணின் நீளத்துக்கும் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரத்துக்கும் உள்ள விகிதம் தெரிந்தது. 85 சரி.

சுருக்கினதும் இரண்டு கண்களைச் சுற்றியும் வெற்று வளையம் திறந்துகொண்டது. இமைக்கு மேல் மடிப்பு, புருவத்துக்குக் கீழே விழும் குழிநிழல், கீழிமைப் பை எல்லாமே லென்ஸுக்குள் பெருத்து இடம் பிடித்திருந்தவை. இப்போது சுருங்கி உள்ளே போய்விட்டன. அந்த வளையத்தில் வெறும் தோலை நிரப்பினால் பொம்மைக் கண். எலும்பு மேடு எங்கே, குழி எங்கே என்று நிழலால்தான் சொல்ல வேண்டும். வெளிச்சம் படத்தில் இடது மேலிருந்து வந்திருந்தது. ஆகவே மூக்கை ஒட்டிய உள்மூலை ஆழமாக, வெளிமூலைக்குப் போகப் போக லேசாக. வலது கண்ணின் குழியில் மூக்கின் நிழலும் சேரும். ஒரு தனி லேயரில் மிக மெல்லிய தூரிகையால் ஐந்து சதவீத அடர்த்தியில் பத்துத் தடவை போடுவேன். ஒரே தடவையில் போட்டது எப்போதும் மை தீட்டியதாகத்தான் தெரியும்.

நிழலில் இன்னொரு திருடன் உண்டு. ஃப்ரேம் கன்னத்தின்மேல் போட்ட வளைந்த நிழல், பிளஸ் லென்ஸ் வெளிச்சத்தைக் குவித்துக் கன்னத்தில் போட்ட வெளுத்த திட்டு. கண்ணாடி போனபிறகும் அவை அங்கேயே கிடந்து காட்டிக்கொடுக்கும். கணினி ஆராய்ச்சியாளர்களுக்கும் இது வெகுகாலம் பிடிபடவில்லை. மைக்ரோசாஃப்டின் பெய்ஜிங் ஆய்வகத்தார் அடங்கிய ஒரு குழு 2004இல் வெளியிட்ட கட்டுரையில், கண்ணாடி போட்ட முகம், போடாத முகம் என்ற ஜோடிகளைக் கணினிக்குப் பழக்கி, கண்ணாடிப் பகுதியை மட்டும் 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்று வரைய வைத்தார்கள். நிழலையும் சேர்த்து எடுப்பதையே குறியாக வைத்த வேலை சிங்குவா பல்கலைக்கழகத்திலிருந்து 2022இல்தான் வந்தது. ஒரே ஆளை ஒரே நொடியில் கண்ணாடியோடும் இல்லாமலும் படமெடுக்க முடியாது என்பதால், முப்பரிமாண முகங்களுக்குக் கணினியிலேயே கண்ணாடி மாட்டி நிழல் விழ வைத்துப் பழக்கினார்கள். அவர்கள் முறைகள் தருவது நம்பும்படியான ஒரு கண்ணை. கல்யாணப் போட்டோவோடு வந்து நிற்கும் அத்தைக்கு அது போதாது.

புருவத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஃப்ரேமின் மேல்விளிம்பு இடது புருவத்தின் வால்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. விளிம்புக்கு மேலே தெரிந்த மயிர் நிஜ அளவில், கீழே லென்ஸ் வழியாகத் தெரிந்தது பெருத்து, இரண்டும் சேராமல் முறிந்திருந்தது. குரூப் போட்டோவில் புருவம் ஒரு கறைதான். வலது புருவத்தைத் திருப்பிப் போடலாம் என்று நினைப்பீர்கள். வெளிச்சம் தப்பாகும், தவிர எந்த மனிதனுக்கும் இரண்டு புருவமும் கண்ணாடிப் பிம்பமாக இருப்பதில்லை. கடைசியில் அத்தையையே ஜன்னலோரம் உட்கார வைத்து, இடது மேலிருந்து வெளிச்சம் விழும்படி, அதே சாய்வில் அவர் புருவத்தைப் படமெடுத்தேன். மயிரின் போக்கை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, நரையை நான் சேர்த்தேன். பழைய ஃபிலிமின் மணல்மணலான பொறிப்பையும் மேலே தூவினேன். அது இல்லாவிட்டால் புதுப் பகுதி வழவழவென்று தனியாக நிற்கும்.

மிச்சமிருந்தது மூக்கு. கெட்டி ஃப்ரேமின் கனம் மூக்கின் இரு பக்கமும் நீள்வட்டமாக அழுத்திக் கறுத்திருந்தது. முதலில் சுத்தமாக எடுத்தேன். மூக்குத் தண்டின் வெளிச்சக்கோடு நெற்றியிலிருந்து நுனிவரை தடையின்றி ஓடியது, அழகாகத்தான் இருந்தது. பேரன் திரையைப் பார்த்து, "அப்பாயி மூக்கு இது இல்லண்ணே" என்றான். தூங்கும்போது கண்ணாடியைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்திருப்பாராம், அப்போது இந்த இரண்டு பள்ளமும் தெரியுமாம். தழும்பு லேயரைப் பாதி அடர்த்தியில் திரும்ப வைத்தேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டுக்குப் பதினைந்தில் பிரிண்ட் போட்டு, தொடாத ஸ்கேனையும் அதே பென்டிரைவில் வைத்துக் கொடுத்தேன்.