நாளிறுதி ஸ்விங் வணிகம் (அயலகவாழ் இந்தியர்)

இந்தியப் பங்குச்சந்தை மூடிய பிறகு அன்றைய விலைகளைப் பார்த்து முடிவெடுத்து, மறுநாளுக்கான ஆர்டரை முன்கூட்டியே பதிந்துவைத்து, வாங்கிய பங்கைச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை வைத்திருந்து விற்கும் முறை நாளிறுதி ஸ்விங் வணிகம் எனப்படும். சந்தை நேரத்தில் திரையின் முன் உட்கார முடியாத அயலகவாழ் இந்தியருக்கு (என்ஆர்ஐ) உகந்த முறை இதுவே. ஆனால் உள்நாட்டு வணிகரின் விதிகளை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினால் அது தவறும். என்ஆர்ஐ கணக்கில் வாங்கிய பங்கு டீமேட்டில் வந்து சேரும்வரை அதை விற்க முடியாது என்பதே காரணம். உத்தியின் ஏனைய விதிகள் எல்லாம் இந்த ஒரு தடையிலிருந்தே பிறக்கின்றன.

பின்னணி

அயலகவாழ் இந்தியர் பங்குச்சந்தை வழியாக இந்திய நிறுவனப் பங்குகளை வாங்க 1982-இல் வழி திறக்கப்பட்டது. மறு ஆண்டே அது பெரும் சர்ச்சையில் மாட்டியது. லண்டனில் தொழில் நடத்திய ஸ்வராஜ் பால், எஸ்கார்ட்ஸ், டிசிஎம் ஆகிய இரு நிறுவனங்களின் பங்குகளைச் சந்தையில் கணிசமாக வாங்கினார். அவ்விரு நிறுவனங்களையும் நடத்திவந்த குடும்பங்கள் தங்கள் பிடி நழுவுமோ என அஞ்சின. பங்குகளை அவர் தரப்பின் பெயருக்கு மாற்றிப் பதிய நிறுவனங்கள் மறுத்தன. எஸ்கார்ட்ஸ் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1985 டிசம்பரில் தீர்ப்பானது. நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய அத்தீர்ப்பு, ரிசர்வ் வங்கியின் அனுமதியைப் பங்கு வாங்கிய பின்னரும் பெறலாம் என்று கூறியது. யார், எவ்வளவு, எந்த நிறுவனத்தில் வாங்குகிறார் என்பதைக் கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்திலேயே வலுவாக ஊன்றிவிட்டது. பிஐஎஸ் எனப்படும் முதலீட்டுத் திட்டக் கணக்கில் நடக்கும் ஒவ்வொரு கொள்முதலும் விற்பனையும் இன்றும் வங்கி வழியாக ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்கப்படுகிறது.

இத்திட்டத்தின் அடிப்படை விதி எளியது: வாங்கினால் டெலிவரி எடுக்க வேண்டும், விற்றால் டெலிவரி கொடுக்க வேண்டும். ஆகவே அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே வணிகம் என்ஆர்ஐக்கு இல்லை. கையில் இல்லாத பங்கை விற்கும் ஷார்ட் செல்லிங் இல்லை. இன்று வாங்கி, டெலிவரி வருமுன் நாளை விற்கும் பிடிஎஸ்டி வசதியும் இல்லை. பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்லாத என்ஆர்ஓ கணக்கில் பிஐஎஸ் அறிக்கைகள் தேவையில்லை என்றாலும் டெலிவரி விதி அங்கும் உண்டு.

டெலிவரிக்காகக் காத்திருக்கும் காலம் படிப்படியாகச் சுருங்கிவந்திருக்கிறது. முன்பு ஒரு வாரத்து வணிகம் முழுவதையும் சேர்த்துக் கணக்குத் தீர்த்தார்கள். காகிதப் பத்திரங்கள் கைமாற வேண்டியிருந்ததால் தாமதம் இன்னும் நீண்டது. 1996-இல் டெபாசிட்டரி சட்டம் வந்து டீமேட் தொடங்கியது. 2001 ஜூலையில் பத்லா முறை நீக்கப்பட்டு, வணிக நாளிலிருந்து ஐந்தாம் நாள் தீர்வு நடைமுறைக்கு வந்தது. 2002 ஏப்ரலில் அது மூன்றாம் நாளாகவும், 2003 ஏப்ரலில் இரண்டாம் நாளாகவும் குறைந்தது. அடுத்த படிக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் மறுநாள் தீர்வு, அதாவது டி+1.

இம்முறையின் கருவிகள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. நான்கு வார உச்சத்தைத் தாண்டும்போது வாங்கும் விதி ரிச்சர்ட் டாஞ்சியன் பெயரால் அறியப்படுகிறது. ஒரு பங்கு நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை ரூபாய் ஆடுகிறது என்பதை அளக்கும் ஏடிஆர் என்ற அளவை வெல்ஸ் வைல்டர் 1978-இல் வெளியிட்ட நூலில் தந்தார்.

பூட்டிய இரண்டு நாட்கள்

செவ்வாயன்று வாங்கிய பங்கு புதனன்று டீமேட்டில் சேரும். வியாழன் காலையில்தான் அதை விற்க முடியும். இடையில் செவ்வாயின் மிச்ச நேரமும் புதன் முழு நாளும் வணிகரிடம் ஸ்டாப் லாஸ் கிடையாது. சந்தை திறந்திருந்து வங்கிகளுக்கு மட்டும் விடுமுறையாக உள்ள நாள் குறுக்கிட்டால் இந்தப் பூட்டு இன்னொரு நாள் நீளும்.

இதற்கு மூன்று பரிகாரங்கள் உண்டு. முதலாவது, ஸ்டாப் லாஸைத் தள்ளிவைத்து அதற்கேற்பப் பங்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. உள்நாட்டு வணிகர் இரண்டு ஏடிஆர் தூரத்தில் வைத்தால் என்ஆர்ஐ மூன்று ஏடிஆர் வைக்க வேண்டும். இரண்டாவது, காலாண்டு முடிவுகள் வரவிருக்கும் பங்கை விடுவது. முடிவுகளுக்கான இயக்குநர் குழுக் கூட்டத்தின் தேதியை நிறுவனங்கள் முன்கூட்டியே பங்குச்சந்தைக்குத் தெரிவிப்பதால், அது பூட்டிய நாட்களுக்குள் விழுகிறதா என்று முந்தைய மாலையே பார்த்துவிடலாம். மூன்றாவது, விலை வரம்பு 5 சதவீதமாக உள்ள பங்குகளையும், பிஇ வரிசையில் உள்ளவற்றையும் பட்டியலிலிருந்து நீக்குவது.

தோஹாவிலிருந்து ஒரு வாரம்

கத்தாரின் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது. மும்பையில் 9:15-க்குத் திறந்து 3:30-க்கு மூடும் சந்தை, தோஹா கடிகாரத்தில் காலை 6:45-க்குத் திறந்து பகல் 1 மணிக்கு மூடுகிறது. அங்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும்; ஞாயிறு வேலை நாள். எனவே வாரத்தில் வெள்ளி ஒரு நாள் மட்டுமே வணிகர் வீட்டிலிருந்து சந்தையைப் பார்க்க முடியும். அந்த ஒரு நாளில் மட்டும் விதியை மீறிக் கை வைப்பதே பலரின் உத்தி குலையும் இடம். வெள்ளிக்கும் திங்களுக்குரிய அதே விதி என்பதை எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் 10 லட்சம் ரூபாய். ஒரு வணிகத்தில் இழக்கத் தயாராக உள்ள தொகை அதில் 1 சதவீதம், அதாவது 10,000 ரூபாய். திங்கள் மாலை வேலை முடிந்து வந்து பார்க்கும்போது, ஒரு பங்கு 20 நாள் உச்சத்துக்கு மேல் மூடியிருக்கிறது. அன்றைய உச்சம் 846. ஏடிஆர் 20 ரூபாய். மறுநாளுக்கு ஜிடிடி கொள்முதல் ஆர்டர்: விலை 847-ஐத் தொட்டால் 853-க்கு மேற்படாமல் வாங்கு. செவ்வாயன்று 848-இல் பங்கு கிடைக்கிறது. ஸ்டாப் லாஸ் மூன்று ஏடிஆர் கீழே, 788-இல். ஒரு பங்குக்கு இழப்பு 60 ரூபாய் என்றால் 10,000-க்கு 166 பங்குகள். இரண்டு ஏடிஆர் கணக்கில் இதுவே 250 பங்குகளாக இருந்திருக்கும்.

புதனன்று கெட்ட செய்தி வருகிறது. பங்கு 790-இல் மூடி, வியாழனன்று 776-இல் திறக்கிறது என்று கொள்வோம். 250 பங்குகள் வாங்கிய உள்நாட்டு வணிகர் புதனன்றே 808-இல் வெளியேறி 10,000 ரூபாயோடு தப்புவார். அதே 250 பங்குகளை வைத்திருக்கும் என்ஆர்ஐ வியாழன் காலையில் 776-இல் விற்று 18,000 ரூபாய் இழப்பார். 166 பங்குகள் மட்டும் வாங்கியவரின் இழப்பு 11,952. திட்டமிட்டதற்குச் சற்று மேல்தான், ஆனால் தாங்கக்கூடியது.

விற்பனை ஜிடிடியைப் புதன் மாலை, பங்கு டீமேட்டில் தெரிந்த பிறகு பதிய வேண்டும். இங்கே ஒரு சறுக்கல் அடிக்கடி நேர்கிறது. தூண்டுவிலை 788, விற்பனை விலை 785 என்று நெருக்கிப் போட்டால், 776-இல் திறக்கும் சந்தையில் அந்த ஆர்டர் பதிவாகும், ஆனால் விற்காது. 785 கொடுக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அலுவலகத்தில் இருப்பவருக்கு இது மாலையில்தான் தெரியவரும். விற்பனை விலையை 750 என்று தாழ்த்திப் போட்டால், சந்தையில் கிடைக்கும் 776-ஐ ஒட்டிய விலைக்கே விற்றுவிடும். 5 சதவீத வரம்புள்ள பங்கில் இதற்கும் வழியில்லை: முந்தைய மூடுவிலை 790 என்றால் கீழ்வரம்பு 750.50, 750-க்கான ஆர்டர் நிராகரிக்கப்படும்.

தரவும் சோதனையும்

பழைய தரவில் உத்தியைச் சோதிக்கும்போது பூட்டிய நாட்களையும் சேர்க்காவிட்டால் வரும் லாபம் பொய்யானது. வாங்கிய நாளிலிருந்து இரண்டாம் நாளுக்கு முன் விற்பனை கூடாது; விலை இடைவெளி விட்டுத் திறந்தால் திறப்பு விலையிலேயே விற்றதாகக் கணக்கிட வேண்டும்:

```
if bar >= entry_bar + 2 and low[bar] <= stop:
    exit_price = min(open[bar], stop)
```

தேசியப் பங்குச்சந்தை நாள்தோறும் வெளியிடும் பாவ்காப்பி கோப்பில் `ClsPric`, `LastPric` என இரு விலைகள் உண்டு. முதலாவது கடைசி அரைமணி நேர வணிகத்தின் எடையிட்ட சராசரி. இரண்டாவது கடைசியாக நடந்த வணிகத்தின் விலை. உச்சத்தைத் தாண்டியதா என்பதற்கு எப்போதும் முதல் விலையையே பார்க்க வேண்டும். கடைசி நிமிடத் துள்ளல் அதில் அடங்கிவிடும். பங்குப் பிரிப்பு, போனஸ் ஆகியவற்றுக்கு இக்கோப்பில் பழைய விலைகள் திருத்தப்படுவதில்லை. ஒரே நாளில் விலை சரிபாதியானதாகத் தெரிந்தால், பெரும்பாலும் அது வீழ்ச்சியல்ல, பிரிப்பு அல்லது போனஸ்.

செலவும் வரியும்

என்ஆர்ஐ கணக்குகளின் தரகு பொதுவாக உள்நாட்டுக் கணக்கைவிட அதிகம். ஒவ்வொரு பக்கமும் 0.5 சதவீதம் என்று கொண்டால், மேற்கண்ட 1,40,768 ரூபாய் வணிகத்தில் போகவர தரகும் ஜிஎஸ்டியும் சுமார் 1,660 ரூபாய். பங்குப் பரிவர்த்தனை வரி இருபுறமும் 0.1 சதவீதம், சுமார் 280 ரூபாய். மொத்தம் 1,900-ஐத் தாண்டுகிறது; பணயம் வைத்த 10,000-இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எனவே மூன்று நான்கு நாளில் சிறு லாபத்துக்கு வெளியேறும் விதிகள் இக்கணக்கில் நிலைக்காது. உச்ச மூடுவிலையிலிருந்து மூன்று ஏடிஆர் இறங்கும்வரை பங்கை வைத்திருக்கும் விதியே செலவைத் தாங்கும்.

குறுகியகால மூலதன ஆதாய வரி 2024 ஜூலை 23 முதல் 20 சதவீதம், மேல்வரி தனி. என்ஆர்ஐக்கு இது மூலத்திலேயே பிடிக்கப்படுகிறது. உள்நாட்டவர்போல் அடிப்படை விலக்கு வரம்பை இந்த ஆதாயத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. கூடுதலாகப் பிடித்த தொகை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்த பின்னரே திரும்புவதால், அதுவரை வணிக முதல் அந்த அளவு குறைந்தே இருக்கும்.

தற்போதைய நிலை

2024 மார்ச் 28-இல் சில பங்குகளுக்கு அன்றே தீர்வு முறை விருப்பத் தேர்வாகத் தொடங்கியது. வழக்கமான சந்தை டி+1-இலேயே நடைபெறுகிறது.