வரிக்கு ஒரு பிழை: ஓர் ஆங்கிலப் பத்திக்கு உரை

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நான் எழுதி அச்செடுத்துத் தைத்த பயிற்சி ஏட்டில் எட்டு வரிப் பத்தி ஒன்று உண்டு. வரிக்கு ஒரு பிழை இருக்கும். கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். ஊருக்குப் போயிருந்த மாணவி ஒருத்தி அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, "எனக்கு ஐந்துதான் கிடைக்கிறது டீச்சர், மீதி எங்கே?" என்று கேட்டு அனுப்பியிருந்தாள். அவளுக்கு எழுதிய பதிலின் விரிவுதான் இந்த உரை. ஆங்கில வரிகளைச் சொல்லும் ஒலிப்படியே தமிழெழுத்தில் தருகிறேன். 'அ' என்பதும் 'அன்' என்பதும் 'தி' என்பதும் ஆங்கிலச் சுட்டுச் சொற்கள். 'ஆன்' என்று நெடிலாக வருவது முன்னிடைச்சொல்.

மூலம்:

1. மை அங்கிள் இஸ் அ ஆனஸ்ட் மேன் ஹூ ரன்ஸ்
2. ஸ்மால் டீ ஷாப் நியர் தி பஸ் ஸ்டாண்ட்.
3. ஹி ஓபன்ஸ் இட் ஆன் ஃபைவ் ஓ'கிளாக் எவ்ரி மார்னிங்.
4. தி ஸ்மெல் ஆஃப் ஹாட் வடாஸ் ப்ரிங்
5. பீப்பிள் ஃப்ரம் தி நியர்பை ஸ்ட்ரீட்ஸ். ஈச் ஆஃப் தெம் ஹேவ்
6. அ ஃபேவரிட் சீட். தே டிஸ்கஸ் அபவுட் பாலிடிக்ஸ்
7. அண்டில் அ சன் இஸ் ஹை அண்ட் தி லாஸ்ட் வடா இஸ் கான்.
8. ஹி ஹேஸ் டன் திஸ் சின்ஸ் ட்வென்டி இயர்ஸ்.

பிழை தேடும் முன் பாடத்தை உறுதி செய்ய வேண்டும். படத்தில் நாம் காண்பது அச்சில் உள்ளதுதானா? இந்த வகைப் பயிற்சிக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம். காரணம், 'அ' என்ற சுட்டுச்சொல் ஓரெழுத்து, ஒருமை வினையின் அடையாளமும் கடைசியில் ஒட்டும் ஓர் 'எஸ்' எழுத்துத்தான். படத்தில் முதலில் தொலைவது இவைதான். விரல் நிழலில் ஒன்று மறையும், ஏட்டின் மடிப்பில் இன்னொன்று வளைந்து உள்ளே போகும். மாணவி அனுப்பிய படத்தில் பக்கம் இடப்புறத்தது. ஆகவே வரிகளின் வலக்கடைசி மடிப்பை ஒட்டிக் கறுத்திருந்தது. நான்காம் வரியின் 'ப்ரிங்' அங்கேதான் முடிகிறது. அச்சில் 'ப்ரிங்ஸ்' என்றிருந்து, 'எஸ்' மடிப்புக்குள் போயிருக்குமோ என்று அவள் ஐயப்பட்டு அந்த வரியை விட்டுவிட்டாள். ஐயம் நியாயமானது. ஆனால் படத்திலேயே தீர்வும் இருந்தது. இரு ஓரமும் நேராக நிற்கும்படி அச்சிட்ட பத்தி இது. மேலே முதல் வரி 'ரன்ஸ்' என்று முழுதாக முடியும் இடத்துக்கு நேர் கீழேதான் 'ப்ரிங்' முடிகிறது. ஐந்தாம் வரியின் 'ஹேவ்' முடிவதும் அதே நேர்கோட்டில்தான். ஆகவே எழுத்து எதுவும் தொலையவில்லை. அச்சில் உள்ளது 'ப்ரிங்'தான்.

இனி வரிவரியாக.

முதல் வரியில் திருத்தம் 'அன் ஆனஸ்ட் மேன்'. தாளில் பார்த்தால் அந்தச் சொல் 'ஹெச்' என்ற மெய்யெழுத்தில் தொடங்குகிறது, அதனால் 'அ' சரி என்று கண் சொல்கிறது. ஆனால் 'அ'வா 'அன்'னா என்பது வாயில் பிறக்கும் முதல் ஒலியைப் பொறுத்தது, எழுத்தைப் பொறுத்ததன்று. அந்த 'ஹெச்' ஒலிப்பதில்லை. உயிரொலியில் தொடங்குவதால் 'அன்'. மணிநேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்பதும் இதே இனம். இதன் மறுபக்கம் 'அ யூனிவர்சிட்டி', 'அ ஒன் ருப்பி காயின்' போன்றவை. எழுத்து உயிரெழுத்து, ஒலி 'ய'கரமும் 'வ'கரமும். சுருக்கப் பெயர்களிலும் இதே கதைதான்: 'அ மினிஸ்டர்', ஆனால் 'அன் எம்.எல்.ஏ.'. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுட்டு சேர்வது 'மேன்' என்ற பெயரோடு, ஆனால் அதன் வடிவத்தைத் தீர்மானிப்பது அடுத்து நிற்கும் சொல். இடையில் 'ஆனஸ்ட்' இல்லாவிட்டால் 'அ மேன்'தான்.

இரண்டாம் வரியில் தவறான சொல் எதுவும் இல்லை. சொல் விடுபட்டிருக்கிறது, அதனால்தான் அவள் கண்ணில் படவில்லை. 'ரன்ஸ் அ ஸ்மால் டீ ஷாப்' என்று வர வேண்டும். தமிழில் "சின்ன டீக்கடை நடத்துகிறார்" என்றால் வாக்கியம் முழுமை பெற்றுவிடுகிறது. 'ஒரு' போடுவதும் விடுவதும் நம் விருப்பம். ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய பொருளின் ஒருமைப் பெயர் முன்னால் எதுவும் இல்லாமல் தனியாக நிற்க முடியாது. 'அ' வரலாம், 'தி' வரலாம், 'ஹிஸ்' வரலாம். ஏதேனும் ஒன்று வந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் நின்று, "இதை இரண்டு, மூன்று என்று எண்ணலாமா? இங்கே இருப்பது ஒன்றுதானா? முன்னால் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டு போனால் விடுபட்ட இடம் தெரியும். கடை இங்கேதான் முதன்முதலாகப் பேச்சில் வருவதால் 'தி' அன்று, 'அ'. படத்தில் அழிந்திருக்குமோ என்றால், அழிந்த எழுத்துக்கு இடம் இருந்திருக்கும். 'ஸ்மால்' சற்று உள்ளே தள்ளித் தொடங்கியிருக்கும். அது இடது ஓரத்தை ஒட்டியே தொடங்குகிறது. 'தி பஸ் ஸ்டாண்ட்' சரியே. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பேருந்து நிலையம் அது.

மூன்றாம் வரியில் 'ஆன்' என்பதற்குப் பதில் 'அட்' வர வேண்டும். மணிக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'. "ஐந்து மணிக்கு", "கடைக்கு", "இரண்டு நாளைக்கு" என்று மூன்று வேலையையும் நமக்கு ஒரே 'கு' உருபு செய்துவிடுகிறது, ஆங்கிலம் மூன்றுக்கும் மூன்று சொல் வைத்திருக்கிறது. அதனால் உருபை மொழிபெயர்த்து முன்னிடைச்சொல்லைப் பிடிக்க முடியாது. பின்னால் வரும் சொல் மணியா, நாளா, மாதமா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வரியின் கடைசியில் 'எவ்ரி மார்னிங்' முன் எதுவும் இல்லையே என்று 'இன்' சேர்க்கும் பிள்ளைகள் உண்டு. காலச்சொல்லுக்கு முன் 'எவ்ரி' வந்தால் முன்னிடைச்சொல் வேண்டாம்.

நான்காம் வரியில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் பிள்ளைகள் இந்த வகைப் பிழையில் தடுமாற ஒரு தனிக் காரணம் உண்டு. திருத்தம் 'ப்ரிங்ஸ்'. ஆட்களை வரவழைப்பது வாசனை, வடைகள் அல்ல. வாசனை ஒன்று, ஆகவே ஒருமை வினை. இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: "சூடான வடைகளின் வாசனை ஆட்களை வரவழைக்கிறது." நம் மொழியில் அடைகள் எல்லாம் முன்னே வரும், எழுவாய் அவற்றின் கடைசியில் நிற்கும். வடைகள் முதலில் வந்து 'இன்' உருபோடு ஒதுங்கிவிடுகின்றன; வாசனைதான் வினையை நோக்கி நிற்கிறது. வினைக்கு முன்னால் உருபு ஏற்காமல் அருகில் உள்ள பெயரைப் பிடித்தால் தமிழில் பெரும்பாலும் தவறாது. ஆங்கிலத்தில் அடுக்கு தலைகீழ். எழுவாய் முதலில் வந்துவிடும், 'ஆஃப்' என்று தொடங்கும் அடை அதற்கும் வினைக்கும் நடுவே வந்து நிற்கும். அருகில் உள்ள பெயரைப் பிடிக்கும் பழக்கம் அங்கே தவறாக முடிகிறது. வழி எளிது: 'ஆஃப்' தொடங்கி வினை வரை விரலால் மூடுங்கள். 'தி ஸ்மெல் ப்ரிங்' என்று காதில் விழும்போதே பிழை தெரிந்துவிடும். பெயரில் ஒட்டினால் பன்மை காட்டும் 'எஸ்', நிகழ்கால வினையில் ஒட்டினால் ஒருமை காட்டும் என்பதும் மாணவர்களைக் குழப்புகிறது. பெயர், வினை என்ற இரண்டில் பொதுவாக ஒன்றில்தான் அது இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்கிறார்கள். 'பஸ்' போன்ற சொற்களில் அது சொல்லின் பகுதி, அங்கே இந்தக் குறிப்பு உதவாது.

ஐந்தாம் வரியும் அதே குடும்பம். 'ஈச்' என்பதுதான் எழுவாய், அது ஒருமை. 'ஆஃப் தெம்' என்பதை மூடினால் 'ஈச் ஹேஸ்'. மாணவி இந்த வரியில் 'பீப்பிள்' என்பதை 'பீப்பிள்ஸ்' என்று மாற்றியிருந்தாள். அந்தச் சொல் இங்கே 'எஸ்' இல்லாமலே பன்மை, அதைத் தொடக்கூடாது. 'தே ஈச் ஹேவ்' என்று எங்காவது கண்டால் அதுவும் சரியே. அங்கே எழுவாய் 'தே', 'ஈச்' துணையாக வந்தது.

ஆறாம் வரியில் 'அபவுட்' மிகை. 'டிஸ்கஸ்' என்ற வினை பொருளை நேரடியாக ஏற்கும். "அரசியலைப் பற்றி விவாதிக்கிறார்கள்" என்ற நம் வாக்கியத்தின் 'பற்றி' இங்கே புகுந்துவிட்டது. 'அபவுட்' இருந்தே ஆக வேண்டும் என்றால் வினையை 'டாக்' என்று மாற்றலாம். ஆனால் பயிற்சியில் குறைந்த மாற்றமே சரியான விடை, ஆகவே நீக்குவது மேல். பெயராக வரும் 'டிஸ்கஷன்' பின்னால் 'அபவுட்' வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லா இடத்திலும் வெட்டுவார்கள்.

ஏழாம் வரிக்கு நேரம் வேண்டாம். நம் வானில் இருப்பது ஒரே சூரியன், ஆகவே 'தி சன்'.

எட்டாம் வரியில் 'சின்ஸ்' என்பதற்குப் பதில் 'ஃபார்'. 'ஹேஸ்' கண்டதும் 'சின்ஸ்' எழுதுவது வகுப்பறைப் பழக்கம். அந்த வினை வடிவம் இரண்டையுமே ஏற்கும். தீர்மானிப்பது பின்னால் வருவது காலத்தின் நீளமா, தொடங்கிய புள்ளியா என்பதே. இந்த இடத்தில் தமிழே கை கொடுக்கிறது. "இருபது வருஷமாக" என்று 'ஆக' வந்தால் 'ஃபார்'. "2005-லிருந்து" என்று 'இருந்து' வந்தால் 'சின்ஸ்'. தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் போதும். 'ஹேஸ் டன்' என்பதை 'ஹேஸ் பீன் டூயிங்' என்று சிலர் மாற்றுகிறார்கள். அது அழகுக்கு நல்லது, ஆனால் இங்கே கேட்ட பிழை அது அல்ல.

சுட்டில் மூன்று, முன்னிடைச்சொல்லில் மூன்று, வினையில் இரண்டு என எட்டும் முடிந்தது. தேடும் வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே வாசிப்பில் மூன்று வகையையும் தேடினால், விடுபட்ட சுட்டுச்சொல்தான் தப்பிவிடும். முதல் வாசிப்பில் வினைகளை மட்டும் பிடித்து ஒவ்வொன்றுக்கும் எழுவாய் எது என்று கேளுங்கள். இரண்டாவதில் பெயர்களை மட்டும். முன்னிடைச்சொற்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்; அவற்றில் பாதி விதி, பாதி பழகிய நினைவு.

படமெடுத்து அனுப்பும் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் கேட்பது இதுதான். ஏட்டை மேசையில் அழுத்தி விரித்து, நேர் மேலிருந்து, நான்கு ஓரமும் தெரிய எடுங்கள். மேலே உள்ள கேள்விக் குறிப்பையும் விடாதீர்கள்; வரிக்கு ஒரு பிழையா, பிழையில்லாத வரியும் உண்டா என்பது அதில்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அல்லாமல் ஆவணமாக இணையுங்கள், எழுத்து மங்காது. படத்தில் தெளியாத வரிக்கு ஊகித்து விடை எழுத வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் கிட்டே வைத்து மறுபடி எடுத்து அனுப்புங்கள்.