அறுவை நாள் காலையும் கூட்டு மாத்திரைகளும்

"காலையில் வெறும் வயிற்றோடு வாங்க. சுகர் மாத்திரை வேண்டாம், பிரஷர் மாத்திரையை மட்டும் ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்குங்க." அறுவைக்கு முந்தைய நாள் நோயாளியின் காதில் விழும் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். தனித்தனி மருந்துகள் தனித்தனி மாத்திரைகளாக இருந்தவரை இது ஓரளவு போதுமானதாக இருந்தது. இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாக அடக்கிய கூட்டு மாத்திரைகள் இந்தியச் சந்தையில் நிறைந்துவிட்ட பிறகு போதவில்லை. உத்தரவு மாத்திரையின் பெயரில் அல்ல, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரிலும் தரப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தண்ணீரைப் பற்றிய அச்சத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். திட உணவுக்கு ஆறு மணி நேரமும் தண்ணீர் போன்ற தெளிந்த பானத்துக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி போதும் என்பதே பொதுவான நெறி. மாத்திரை விழுங்கத் தேவையான ஒரு மடக்கு, இரைப்பையில் உள்ளவற்றின் அளவில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் எதையும் செய்வதில்லை. சிக்கல் தண்ணீரில் இல்லை; மாத்திரைக்குள் இருக்கிறது.

டெல்மிசார்டானும் மெட்டோப்ரோலாலும் சேர்ந்த மாத்திரையை எடுத்துக்கொள்வோம். இரண்டும் பிரஷர் மருந்துகளே. ஆனால் மயக்க மருந்தின் முன் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. மெட்டோப்ரோலாலை நாள்தோறும் உட்கொள்பவரின் இதயம் அதற்குப் பழகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் நாடி எகிறும். ஏற்கெனவே குறுகிய இதயத் தமனிகள் உள்ளவருக்கு அது மாரடைப்பாகவும் முடியலாம். எனவே அதைத் தொடர வேண்டும். பழக்கமில்லாதவருக்கு அறுவை நாளன்று அதைப் புதிதாகத் தொடங்குவது வேறு கதை. 2008இல் வெளியான பாய்ஸ் ஆய்வில், அப்படி அதிக அளவில் தொடங்கப்பட்டவர்களிடம் மாரடைப்பு குறைந்தது. பக்கவாதமும் இறப்பும் கூடின.

டெல்மிசார்டான் வகையோ மயக்கம் தரப்பட்டவுடன் ரத்த அழுத்தத்தைச் சரியவிடக்கூடியது. பிரான்சில் நடந்து 2024இல் வெளியான ஸ்டாப்-ஆர்-நாட் ஆய்வில், இவ்வகை மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கும் 48 மணி நேரம் முன்பே நிறுத்தியவர்களுக்கும் இடையே இறப்பிலும் பெரிய சிக்கல்களிலும் வேறுபாடு காணப்படவில்லை. அறுவையின்போது அழுத்தம் சரிந்தது மட்டும் தொடர்ந்தவர்களிடம் அதிகம். ஆக, இதை நிறுத்துவது கட்டாயம் என்று வாதிட முடியாது. இதயம் பலவீனமானவர்களுக்குத் தொடர்வதே சில வேளை நல்லது. ஆனால் நிறுத்துவதென்று முடிவானால், காலையில் ஒரு வேளையை விடுவதால் பெரிய பயன் இல்லை. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 24 மணி நேரம். நேற்றைய மாத்திரை இன்றும் வேலை செய்துகொண்டிருக்கும்.

சர்க்கரை மருந்தான டாபாகிளிஃப்ளோசின் இன்னும் முன்கூட்டிய முடிவைக் கேட்கிறது. அறுவைக்கு மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும் என்று 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அறிவித்தது. பட்டினியோடு அது சேரும்போது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகலாம். சர்க்கரை அளவு 200க்குக் கீழே இருக்கும்போதுகூட இது நேரும் என்பதுதான் ஏமாற்று. குளுக்கோமீட்டரைப் பார்த்து நிம்மதியடைந்துவிடுவோம். அறுவைக்குப் பின் ஓயாத குமட்டல், வயிற்றுவலி, வேகமான மூச்சு இருந்தால் கீட்டோன் சோதனை செய்தாக வேண்டும்.

ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்ப்போம். வயது 62, பித்தப்பை அறுவை வெள்ளிக்கிழமை காலை. டெல்மிசார்டான்–மெட்டோப்ரோலால் ஒன்று, டாபாகிளிஃப்ளோசின்–மெட்ஃபார்மின் ஒன்று, தைராய்டு மாத்திரை ஒன்று, இரவில் அட்டோர்வாஸ்டேட்டின். இதயம் பலவீனமானவர் அல்லர். வழக்கமான உத்தரவைப் பின்பற்றினால் வெள்ளி காலை டெல்மிசார்டானும் உள்ளே போகும். வியாழன் வரை டாபாகிளிஃப்ளோசினும் போயிருக்கும். மருந்துவாரியாகப் பிரித்தால் திங்களோடு டாபாகிளிஃப்ளோசின் நிற்கும். செவ்வாய் முதல் வியாழன் வரை மெட்ஃபார்மின் மட்டும், சர்க்கரையை அளந்தபடி. டெல்மிசார்டான் கடைசியாகப் புதன் காலை. வியாழனும் வெள்ளியும் அதே அளவில் தனி மெட்டோப்ரோலால். நாடி 50க்குக் கீழே இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே. தைராய்டு மாத்திரையும் வெள்ளி காலை உண்டு, இரவு மாத்திரையில் மாற்றமில்லை. பிரஷர் கூட்டு மாத்திரையை இரண்டாக உடைத்து ஒரு மருந்தை மட்டும் விழுங்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. உடைத்தால் இரண்டும் பாதியாகும், அவ்வளவுதான். மெட்டோப்ரோலால் மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால் நொறுக்கவும் கூடாது.

இத்தனை நுணுக்கம் நோயாளியைக் குழப்பும் என்ற மறுப்பு நியாயமானதே. அதனால்தான் இதைப் பிரிக்கும் வேலை மயக்க மருந்து மருத்துவருடையதாக, நாளும் மருந்தும் குறித்த ஒரு சீட்டாக இருக்க வேண்டும். நோயாளி தானாக எதையும் நிறுத்தக் கூடாது. அறுவைக்கு ஒரு வாரம் முன் நடக்கும் பரிசோதனைக்கு, அட்டையில் எழுதிய பெயர்ப் பட்டியலோடு அல்ல, மாத்திரை உறைகளையே கையோடு கொண்டுவரச் சொல்ல வேண்டும். மருந்தின் பெயர்கள் அவற்றின் பின்பக்கத்தில்தான் அச்சாகியிருக்கின்றன.