பேப்பர் போட்டாச்சா? செட்டில்மென்ட்டில் கைக்கு எவ்வளவு வரும்?

புது ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. அங்கே 60 நாளில் வரச் சொல்கிறார்கள், இங்கேயோ நோட்டீஸ் பீரியட் 90 நாள். “மிச்ச நாளுக்குப் பணம் கட்டிட்டுக் கிளம்பிடலாம்” என்று ஃப்ரெண்ட்ஸ் ஈஸியாகச் சொல்வார்கள். இதுதான் பை-அவுட். ஆனால், எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்று படிக்காமல் கையெழுத்துப் போட்ட அப்பாயின்ட்மென்ட் லெட்டர்!

அந்த ஒரு வார்த்தை

முதலில் அந்த லெட்டரை எடுத்து, நோட்டீஸ் பற்றிய பத்தியைப் படியுங்கள். ‘நோட்டீஸுக்குப் பதிலாகச் சம்பளம்’ என்று இருந்தால், அது பேசிக் சம்பளமா, மொத்தச் சம்பளமா என்று பாருங்கள். பை-அவுட்டுக்கு நிறுவனத்தின் சம்மதம் தேவையா என்பதும் அங்கேதான் இருக்கும். சம்மதம் தேவை என்றிருந்தால், மெயிலில் ‘ஓகே’ வாங்காமல் புது ஆபீஸுக்குத் தேதி சொல்லிவிடாதீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கும் ஒருவர். மாதச் சம்பளம் 60,000 ரூபாய், அதில் பேசிக் 30,000. ஏப்ரல் 17-ல் பேப்பர் போடுகிறார். 90 நாள் என்றால் ஜூலை 15 வரை இருக்க வேண்டும். ஜூன் 15-லேயே கிளம்புகிறார். ஆக, 30 நாள் பாக்கி.

அவருக்கு வர வேண்டியது: ஜூன் மாதத்தின் 15 நாள் சம்பளம் 30,000. எடுக்காத லீவு 12 நாள்; பேசிக் கணக்கில் ஒரு நாளுக்கு 1,000 வீதம் 12,000. க்ளெய்ம் செய்த பயணச் செலவு 3,000. மொத்தம் 45,000 ரூபாய்.

நோட்டீஸ் பிடித்தம் பேசிக்கில் என்றால் 30,000 போய், 15,000 கைக்கு வரும் (பி.எஃப், வரிப் பிடித்தம் தனி). மொத்தச் சம்பளத்தில் என்றால் பிடித்தம் 60,000. அப்போது அவர்தான் நிறுவனத்துக்கு 15,000 கட்ட வேண்டும்!

இங்கே ஒரு வழி இருக்கிறது. லீவைப் பணமாக்காமல், நோட்டீஸ் நாள்களில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். பாக்கி 18 நாளாகக் குறையும். மொத்தச் சம்பளக் கணக்கில் பிடித்தம் 36,000; லீவுப் பணம் போக வர வேண்டியது 33,000. கட்ட வேண்டியது வெறும் 3,000. பிடித்தம் பேசிக்கில் என்றால் இதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நிறுவனத்தின் பாலிசி அனுமதித்தால்தான் இது நடக்கும். அதனால், கடைசி நாளுக்கு முன்பே ஹெச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள்.

பிடித்தத்தின் மேல் 18% ஜி.எஸ்.டி சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். நோட்டீஸ் பிடித்தத்துக்கு ஜி.எஸ்.டி கிடையாது என 2022 ஆகஸ்ட்டில் மத்திய அரசு சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்திவிட்டது.

புது ஆபீஸ் கட்டினால்?

“பை-அவுட் பணத்தை நாங்க தர்றோம்” என்று புது நிறுவனம் சொன்னால் சந்தோஷம்தான். ஆனால், அது பெரும்பாலும் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து, வரி பிடித்துத்தான் வரும். ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம். ஆஃபர் லெட்டரில் அந்த வரியைத் தேடுங்கள்.

எப்போது வரும்?

“எஃப் அண்டு எஃப் 45 நாள் ஆகும்” என்பது பல ஹெச்.ஆர்-களின் வழக்கமான பதில். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவரின் ஊதியப் பாக்கியை இரண்டு வேலை நாள்களுக்குள் கொடுக்க வேண்டும்.

கிராஜுவிட்டிக்கு 30 நாள் அவகாசம் உண்டு. நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருட சர்வீஸ் தேவை என்பதால், நம் உதாரண நபருக்கு அது இல்லை. ஐந்து வருடம் முடித்து, அதே 30,000 கடைசி ஊதியம் என்றால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 5-ஆலும் பெருக்க வேண்டும். சுமார் 86,538 ரூபாய். நாலே முக்கால் வருடத்தில் பேப்பர் போடுகிறவர்கள் ஒருமுறை காலண்டரைப் பார்ப்பது நல்லது.

பி.எஃப் இந்த செட்டில்மென்ட்டில் வராது. அது உங்கள் யு.ஏ.என் கணக்கிலேயே இருக்கும். நிறுவனம் அதில் வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்ததா என்று மட்டும் பாருங்கள். செய்யாவிட்டால், இரண்டு மாதம் கழித்து நீங்களே போர்ட்டலில் பதியலாம்.

செட்டில்மென்ட் ஷீட் வந்ததும் ‘பாக்கி எதுவும் இல்லை’ என்று உடனே கையெழுத்துப் போடாதீர்கள். நாள்கள், லீவு, பிடித்தம் எந்தச் சம்பளத்தில் என்ற மூன்றையும் சரிபாருங்கள். தப்பு இருந்தால் மெயிலில் கேளுங்கள். பதில் வராவிட்டால், அந்த மெயில்தான் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கும்போது உங்கள் கையில் இருக்கும் ஆதாரம். லேப்டாப்பை ஒப்படைக்கும் முன் பே-ஸ்லிப், லீவு பேலன்ஸ், ராஜினாமா ஏற்பு மெயில் எல்லாவற்றையும் பர்சனல் மெயிலுக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.