தன்னைத் தானே எள்ளியவரைக் கேலி செய்தல்: நட்புரையாடலில் அனுமதியும் அதன் எல்லையும்

நண்பர்கள் கூடிப் பேசும்போது ஒருவர் தன்னையே கிண்டல் செய்துகொள்கிறார். உடனே இன்னொருவர் அதே விஷயத்தை எடுத்து அவரைச் சீண்டுகிறார். அவரும் சிரித்தபடி ஏற்றுக்கொள்கிறார். அதே சீண்டல் எந்த முன்பேச்சும் இல்லாமல் வந்திருந்தால் அவர் முகம் வாடியிருக்கக்கூடும். இந்த வேறுபாட்டுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு: அவர் பெருந்தன்மையானவர் என்பது ஒன்று, அவரே வழிவிட்டுவிட்டார் என்பது மற்றொன்று. முதல் காரணம் குணத்தைப் பற்றியது. ஒரே ஆள் ஒரே மாலையில் ஒரு கேலியை ஏற்று அடுத்ததை மறுப்பது ஏன் என்று அதனால் விளக்க முடியாது. இரண்டாவது உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஆனால் எதற்கு வழி, எவ்வளவு தூரம் வழி என்ற கேள்விகளை அது தொடுவதில்லை.

இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இது: சுய எள்ளலில் ஈடுபடுபவர் தன்னைப் பற்றிய ஒரு மதிப்பைத் தானாகவே விட்டுக்கொடுக்கிறார். அதன்பின் வரும் கேலி அந்த மதிப்பைத் தாக்கினால், காப்பாற்றுவதற்கு அவரிடம் எதுவும் மீதமில்லை. ஆனால் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு மதிப்பை மட்டுமே. கேலி வேறொரு மதிப்பின் மேல் படும் கணத்தில் ஏற்பும் முடிந்துவிடுகிறது.

1. ஓர் உரையாடல்

வாதத்தைத் தெளிவாக்க அமைத்துக்கொண்ட ஓர் உரையாடலை எடுத்துக்கொள்வோம். நாற்பதைத் தாண்டிய கல்லூரித் தோழர்கள் மூவர், செல்வம் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

செல்வம்: "கார் ஓட்டக் கத்துக்கிட்டதுல ஒரு லாபம்டா. எங்க வீட்டு காம்பவுண்டு சுவர் எனக்கு நல்லாப் பழக்கமாயிடுச்சு. வாரம் ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டுத்தான் வண்டிய உள்ள விடறேன்."

முருகன்: "அதான் புதுசா வெள்ளை அடிச்சிருக்கா? நாங்க பொங்கலுக்குன்னுல்ல நெனச்சோம்!"

செல்வம் (சிரித்துக்கொண்டே): "பொங்கலுக்கு அடிச்சது ஜனவரியிலயே போச்சு. இது எனக்குன்னு தனியா அடிச்சது."

பாஸ்கர் (அவரும் சிரித்தபடி): "உனக்கு எதுலதான்டா கவனம் இருந்துச்சு? அந்த வேலை போனதும் இப்படித்தானே?"

செல்வம் (புன்னகை மாறாமல்): "அது இல்லடா, கம்பெனியே மூடிட்டாங்க. எல்லாரையும்தான் அனுப்பினாங்க."

முருகனின் கேலியையும் பாஸ்கரின் கேலியையும் பிரிப்பது குரலோ முகபாவனையோ இல்லை. இருவரும் சிரிக்கிறார்கள், இருவரும் நெருங்கியவர்கள். முருகனுக்குச் செல்வம் கொடுத்த மறுமொழி, நகைச்சுவையை இன்னும் ஒரு படி வளர்த்தது. பாஸ்கருக்குக் கொடுத்த மறுமொழியோ ஒரு தகவலைத் திருத்தியது. விளக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

2. விளையாட்டுச் சட்டகம் மட்டும் போதாது

கிரெகரி பேட்சன் 1955-இல் வெளியிட்ட கட்டுரையில், சான் ஃபிரான்சிஸ்கோ விலங்குக் காட்சிசாலையில் குரங்குகள் சண்டை போலவே விளையாடுவதைக் கண்டதைக் கொண்டு ஒரு கருத்தை எடுத்துரைத்தார். விளையாட்டாகக் கடிக்கும் விலங்கு, 'இது விளையாட்டு' என்ற செய்தியையும் சேர்த்தே அனுப்புகிறது. அந்தச் செய்தி எட்டாவிட்டால் விளையாட்டு சண்டையாகிவிடும். சுய எள்ளலும் இத்தகைய செய்தி என்று கொள்ளலாம்: 'இனி பேசப்போவது விளையாட்டு' என்று செல்வம் அறிவித்துவிட்டார், ஆகவே முருகனின் சொல் புண்படுத்தவில்லை.

இவ்விளக்கம் முருகன்வரை பொருந்துகிறது. பாஸ்கர் பேசும்போதும் அதே சட்டகம் திறந்துதான் இருந்தது. இருந்தும் அவரது சொல் ஏற்கப்படவில்லை. ஆகவே தொனியைத் தாண்டி, சுய எள்ளல் பேச்சின் ஒழுங்கில் வேறென்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

3. மறுக்கும் கடமையிலிருந்து விடுதலை

ஒருவர் தன்னைத் தாழ்த்திப் பேசினால் கேட்பவர் என்ன செய்ய வேண்டும்? அனிதா பொமரன்ட்ஸ் 1984-இல் வெளியான ஆய்வில், உரையாடலில் ஒரு மதிப்பீட்டை அடுத்து வரும் மறுமொழிகளைப் பகுத்தார். பொதுவாக ஒப்புதல்தான் விரைவாகவும் தயக்கமின்றியும் வரும். மறுப்பு தாமதித்தும் பூசி மெழுகியும் வரும். தன்னைத் தாழ்த்தும் பேச்சில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. "எனக்கு வண்டியே ஓட்டத் தெரியல" என்று ஒருவர் வருந்தினால், "அப்படியெல்லாம் இல்லடா" என்பதே எதிர்பார்க்கப்படும் மறுமொழி. பேசாமல் இருந்தாலும் அது ஒப்புதலாகப் படும்.

இப்படியிருக்க, சுய எள்ளலுக்குப் பின் வரும் கேலி உள்ளடக்கத்தில் ஒப்புதல்தானே? 'ஆமாம், நீ மோசமாகத்தான் ஓட்டுகிறாய்' என்பதுதானே முருகன் சொல்வதன் சாரம்? அது எப்படி நட்பாகிறது? சுய எள்ளலின் வடிவத்தில் விடை இருக்கிறது. செல்வம் தன் குறையை மதிப்பீடாகச் சொல்லவில்லை. சுவரோடு பழகிக்கொண்ட கதையாகச் சொன்னார். மிகைப்படுத்தினார், நட்டத்தை லாபம் என்றார். இந்த வடிவம் கேட்பவரிடம் சிரிப்பை எதிர்பார்க்கிறது. இங்கே முருகன், "அப்படியெல்லாம் இல்ல, நீ நல்லாத்தான் ஓட்டறே" என்று ஆறுதல் சொல்லியிருந்தால் நகைச்சுவை புரியாதவராகியிருப்பார். அதைவிட, செல்வத்துக்கு ஆறுதல் தேவைப்படுகிறது என்று காட்டி அவரைச் சிறுமைப்படுத்தியும் இருப்பார். வெள்ளையடித்த கதையைச் சேர்த்ததால் அவர் செல்வத்தின் கதைக்கு இணையாசிரியர் ஆனார். செல்வத்தின் காதில் அது தன் நகைச்சுவைக்குக் கிடைத்த பாராட்டாகவே விழுகிறது.

4. காப்பாற்ற எதுவும் மீதமில்லை

பால் ட்ரூ 1987-இல் கேலிக்கு ஆளானவர்களின் மறுமொழிகளை ஆராய்ந்தார். கேலியைக் கேலி என்று தெரிந்துகொண்ட பின்னும், சிரித்துக்கொண்டே கூட, பலர் அதற்கு நேர்ப்பொருளில் விளக்கம் தருவதை அவர் காட்டினார். கேலி எங்கே முளைக்கிறது என்பதையும் அவர் கவனித்தார்: ஒருவர் அளவுக்கு மீறிக் குறைப்பட்டுக்கொள்ளும்போது, பெருமையடிக்கும்போது, எதையோ மிகையாகச் செய்யும்போது. அப்போது பேசுபவர் தன்னைப் பற்றிய ஏதோ ஒரு தோற்றத்தை மெய்யாகவே நிறுவிக்கொண்டிருக்கிறார். கேலி அதைக் குத்துகிறது. அதனால் அவர் விளக்கத்தில் இறங்குகிறார்.

இதைச் செல்வத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். அவர் சுவரைப் பற்றி எதுவுமே சொல்லாதபோது, "மறுபடி சுவத்துல இடிச்சியா?" என்று முருகன் தொடங்கியிருந்தால், நல்ல ஓட்டுநர் என்ற பெயர் சபையில் கேள்விக்குள்ளாகும். "கேட்டு ரொம்பக் குறுகல்டா" என்பது போன்ற விளக்கமே வந்திருக்கும். சுய எள்ளலில் அந்தப் பெயரை அவரே கீழே வைத்துவிட்டார். சுவரில் இடித்த தகவலும் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டதால் முருகன் எதையும் அம்பலப்படுத்தவில்லை. திருத்த வேண்டிய பிழை இல்லாத இடத்தில் திருத்தமும் எழாது. எனவே கேலியை வளர்ப்பதே அவருக்கு எளிதான அடுத்த சொல்லாகிறது.

பாஸ்கரின் பேச்சில் நடந்தது வேறு. வண்டி ஓட்டும் திறமையிலிருந்து அவர் ஆளின் குணத்துக்குத் தாவினார். குணத்திலிருந்து வேலை இழப்புக்குத் தாவினார். இவற்றில் எதையும் செல்வம் விட்டுக்கொடுத்திருக்கவில்லை. அங்கே காப்பாற்ற வேண்டிய மதிப்பு முழுதாக இருந்தது; அதனால் விளக்கம் வந்தது.

பாஸ்கர் தீயவர் என்று இதனால் சொல்ல வேண்டியதில்லை. ஜஸ்டின் க்ரூகரும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, கேலி செய்பவர் தன் நல்லெண்ணத்தை அறிந்திருப்பதால் தன் கேலியை மென்மையானதாகவே மதிப்பிடுகிறார் என்றும், கேட்பவருக்கு அந்த எண்ணம் அதே அளவுக்குப் புலப்படுவதில்லை என்றும் காட்டியது. இந்த இடைவெளியைச் சுய எள்ளல் ஒரு விஷயத்தில் குறைக்கிறது: தன் குறையைத் தான் எவ்வளவு இலேசாகக் கருதுகிறேன் என்பதை ஆளானவரே முன்கூட்டிக் காட்டிவிடுகிறார். பாஸ்கர் அந்தச் சான்றை வேறொரு விஷயத்துக்கும் செல்லும் என்று எடுத்துக்கொண்டார்.

5. சிரித்துச் சொன்னதெல்லாம் சுய எள்ளல் ஆகாது

இவ்வாதத்துக்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. கெய்ல் ஜெஃபர்சன் 1984-இல் துயரங்களைப் பற்றிய பேச்சில் சிரிப்பு எப்படி அமைகிறது என்று ஆராய்ந்தபோது, துயரத்தைச் சொல்பவர் தானே சிரிப்பதும், கேட்பவர் சிரிக்காமல் கருத்தோடு கேட்பதுமே அங்கே ஒழுங்கு என்று கண்டார். சொல்பவரின் சிரிப்பு, 'இதைத் தாங்கிக்கொள்கிறேன்' என்பதன் அடையாளம். கூடச் சிரிக்கும் அழைப்பாக அது அமைவதில்லை. அப்படியானால், தன்னைப் பற்றிச் சிரித்தபடி சொல்லும் ஒருவர் கேலிக்கு இடம் தருகிறாரா, பரிவை எதிர்பார்க்கிறாரா?

இரண்டையும் பிரிக்க மூன்று அடையாளங்கள் உதவும். முதலாவது, மிகை. சுய எள்ளல் நடந்ததைப் பெரிதாக்கிக் கதையாக்குகிறது. துயரப் பேச்சு நடந்ததை நடந்தபடி சொல்லிச் சிரிப்பை ஓரத்தில் மட்டும் ஒட்டுகிறது. இரண்டாவது, காலம். முடிந்துபோன சிறு இழப்பு எள்ளலுக்கு எளிதில் வசப்படும். இன்னும் முடியாத கடனோ நோயோ அப்படி வசப்படுவதில்லை. மூன்றாவது, மீள்வரவு. ஒரே குறையை ஒருவர் போகுமிடமெல்லாம் தானே முந்திக்கொண்டு எள்ளினால், பிறர் வாயை அடைக்கவே அப்படிச் செய்கிறார் என்று எண்ண இடமிருக்கிறது. இத்தகைய முந்திக்கொள்ளலை அனுமதி என்று எண்ணிக் கேலி செய்தால், அவர் அடைக்க முயன்ற அதே புண்ணில்தான் கை படும். மேலோட்டமாகப் பார்த்தால் இது என் வாதத்தைக் குலைப்பதாகத் தோன்றும். உண்மையில் இங்கும் விதி ஒன்றே: அவர் அந்த மதிப்பை விட்டுக்கொடுக்கவில்லை, மறைத்துப் பாதுகாத்து வருகிறார்.

6. முறைக் கேலியும் நட்புக் கேலியும்

கேலிக்கு ஒவ்வொரு முறையும் அனுமதி தேவைப்படுவது எல்லா உறவுக்கும் பொதுவானதில்லை. ஏ. ஆர். ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் எழுதிய கட்டுரையில், சில உறவுகளில் கேலி செய்வது வழக்கத்தாலேயே அனுமதிக்கப்படுவதையும், கேலிக்கு ஆளானவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதையும் விளக்கினார். தமிழ்நாட்டில் மாமன் மச்சான் முறையினரிடையே உள்ள கேலி இதற்கு நாமறிந்த உதாரணம். திருமண வீட்டில் மாப்பிள்ளையைக் கேலி செய்ய மச்சானுக்கு மாப்பிள்ளையின் சுய எள்ளல் தேவையில்லை. முறையே உரிமையைத் தந்துவிடுகிறது.

நட்பில் அப்படி நிலையான உரிமை எதுவும் கிடையாது. நெருக்கம் இருந்தாலும் எந்த விஷயத்தில் எந்த அளவு என்று எவரும் வகுத்துத் தருவதில்லை. நண்பர்கள் அதைப் பேசப் பேசத்தான் வகுத்துக்கொள்கிறார்கள். முறை நிரந்தரமாகத் தரும் உரிமையைச் சுய எள்ளல் சிறிது நேரத்துக்கு, ஒரு விஷயத்துக்கு மட்டும் தருகிறது. நட்புரையாடலில் அது இவ்வளவு அடிக்கடி தலைகாட்டுவதற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

முடிவுரை

சுய எள்ளல் பின்வரும் கேலியை ஏற்க உதவுவது மூன்று வழிகளில்: கேட்பவரை மறுத்துப் பேசும் கடமையிலிருந்து விடுவிக்கிறது, தகவலை ஆளானவரின் வாயிலாகவே வெளியிடுகிறது, அவர் காப்பாற்ற வேண்டியிருந்த மதிப்பை அவரே விட்டுக்கொடுக்கச் செய்கிறது. இம்மூன்றும் அவர் தொட்ட விஷயத்தோடு நின்றுவிடுகின்றன. ஆகவே கேலி ஏற்கப்பட்டதா என்பதை ஆராய்பவர் சிரிப்பை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. செல்வம் இரு முறையும் சிரித்த முகத்தோடுதான் பேசினார். கேலிக்கு ஆளானவரின் அடுத்த வாக்கியத்தைப் பார்க்க வேண்டும். அது கேலியை வளர்த்தால் ஏற்பு நடந்திருக்கிறது. ஒரு தகவலைத் திருத்தினால், கேலி எல்லையைத் தாண்டிவிட்டது.