இரு நாட்டு அலுவலகங்களுக்கான இரவுப்பணி நேரம்

சென்னை, நியூயார்க் அலுவலகங்கள் இரண்டும் மூடிய பிறகே ஓட வேண்டிய நாள்கணக்கு முடிப்பு போன்ற கணினிப் பணிக்கு நேரம் குறிக்கும் முறை. நியூயார்க் அலுவலகம் மூடும் மாலை 6 மணி என்பது சென்னையில் மறுநாள் அதிகாலை, கோடையில் 3.30, குளிர்காலத்தில் 4.30. சென்னை 9 மணிக்குத் திறந்தால் குளிர்காலத்தில் கிடைப்பது நாலரை மணி நேரமே. பணி அதற்குள் முடிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மூடிய கால் மணி நேரம் கழித்துப் பணி தொடங்கட்டும் என்று, கோடையில் இந்திய நேரம் 3.45 எனக் குறித்து விட்டுவிடுவதே வழக்கமான தவறு. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கா கடிகாரத்தைப் பின்னுக்கு நகர்த்தியதும், பணி அங்கே மாலை 5.15-க்கே தொடங்கிவிடும். ஊழியர்கள் இன்னும் பதிவுகளைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். அந்த நாளின் கடைசிப் பதிவுகள் கணக்கில் விடுபடும். ஆகவே பின்னால் மூடும் ஊரின் நேரத்திலேயே குறிப்பது சரி. லினக்ஸின் குரோனி நிரலில் அது இப்படி:

```
CRON_TZ=America/New_York
15 18 * * 1-5 /opt/close.sh
```

இதன்படி வெள்ளி மாலைப் பணி, சென்னையில் சனிக்கிழமை அதிகாலையில் ஓடும்.